அரசமைப்புச் சட்டத் தேர்வுக்கு இடைவெளி விட்டுப் பயிலும் வினா வங்கி: ஒரு விரிவான பதில்

கேள்வி: "மூன்றாண்டு எல்.எல்.பி. முதலாண்டு படிக்கிறேன். அரசமைப்புச் சட்டத் தேர்வுக்கு ஏழு வாரம் இருக்கிறது. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கேள்வி அட்டைகள் எழுதி, இடைவெளி விட்டு மறுபடி மறுபடி கேட்டுப் படிக்கலாம் என்று இருக்கிறோம். எத்தனை கேள்வி வேண்டும், எப்படி எழுத வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்? வழக்குப் பெயர், ஆண்டு, தீர்ப்பு என்று எழுதிக்கொண்டே போனால் போதுமா?"

போதாது. வழக்குப் பெயரையும் ஆண்டையும் மட்டும் கேட்கும் அட்டைகள் ஏழு வாரத்தில் மனப்பாடமாகிவிடும். ஆனால் தேர்வறையில் ஒரு நிகழ்வைக் கொடுத்து "இச்சட்டம் செல்லுமா?" என்று கேட்டால், அந்த மனப்பாடம் முதல் பத்தியோடு தீர்ந்துபோகும். இந்தத் தாளைப் பல ஆண்டுகளாகக் கற்பித்தும் விடைத்தாள் திருத்தியும் வருபவன் என்ற முறையில் சட்டம் பற்றிய பகுதியை உறுதியாகச் சொல்ல முடியும். நினைவாற்றல் பற்றிய பகுதி உளவியல் ஆய்வுகளைப் படித்து அறிந்ததே. இரண்டையும் கலக்காமல் சொல்ல முயல்கிறேன்.

ஆய்வுகளில் உறுதியாக நிலைபெற்றவை இரண்டு. முதலாவது, ஒரு பகுதியைத் திரும்பப் படிப்பதைவிடப் புத்தகத்தை மூடிவிட்டு அதை நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது நீண்ட நாள் நிற்கும். ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னிலையில் இருந்தனர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. படித்து முடித்த உடனே "எல்லாம் தெரிகிறது" என்று தோன்றுவது ஏன் நம்பத்தகாதது என்பதற்கு இதுவே விளக்கம். இரண்டாவது, பயிற்சிகளுக்கு இடையே விடும் இடைவெளி தேர்வு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. செபேடாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1,350க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வு ஒரு வாரத்தில் என்றால் அக்காலத்தின் 20 முதல் 40 விழுக்காடு வரையிலான இடைவெளியும், ஓராண்டு கழித்து என்றால் 5 முதல் 10 விழுக்காடு வரையிலான இடைவெளியும் சிறந்த பலன் தந்தன. எல்லோருக்கும் எப்போதும் பொருந்தும் ஒரே இடைவெளி என்று எதுவும் இல்லை.

ஐயத்துக்கு உரியது வேறொன்று. இச்சோதனைகளில் பெரும்பாலானவை தனித் தகவல்களையும் சிறு உரைப்பகுதிகளையும் வைத்து நடந்தவை. ஒரு சட்டக் கோட்பாட்டைப் புதிய நிகழ்வுக்குப் பொருத்தும் திறன் அதே அளவுக்கு வளரும் என்பதற்கான சான்று அவ்வளவு வலுவானதல்ல. ஆகவே, அட்டை முறை உங்களுக்கு விதிகளைத் தயாராக நாக்கு நுனியில் வைத்துக் கொடுக்கும் என்று நம்பலாம். பொருத்திப் பார்க்கும் பழக்கத்தையும் அதுவே தந்துவிடும் என்று நம்பக் கூடாது. அந்தப் பழக்கத்தைக் கேள்விகளுக்குள்ளேயே நீங்கள்தான் வைக்க வேண்டும். அதை எப்படி வைப்பது என்பதை ஓர் அலகை எடுத்துக்கொண்டே காட்டுகிறேன்: அரசமைப்பைத் திருத்தும் அதிகாரம், உறுப்பு 368, அதைச் சுற்றிய வழக்குகள். பழைய வினாத்தாள்களில் தவறாமல் தலைகாட்டும் பகுதி இது.

முதல் கேள்விகளை கைடிலிருந்து எழுதாதீர்கள். பேர் ஆக்டைத் திறந்து உறுப்பின் வாசகத்திலிருந்து எழுதுங்கள். 368(2) கேட்பது, ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, அத்துடன் வந்திருந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத பெரும்பான்மை. இதை "சிறப்புப் பெரும்பான்மை என்றால் என்ன?" என்று கேட்டால் விடை வாய்ப்பாடாக வந்துவிடும், புரிந்ததா என்பது தெரியாது. மாறாக இப்படிக் கேளுங்கள்: "மக்களவையின் மொத்த உறுப்பினர் 543. வந்திருந்து வாக்களித்தோர் 400. ஆதரவு 268. திருத்த மசோதா நிறைவேறியதா?" 400இல் மூன்றில் இரண்டு பங்குக்கு 267 வேண்டும், அது கிடைத்துவிட்டது. ஆனால் 543இல் பெரும்பான்மைக்கு 272 வேண்டும், அது கிடைக்கவில்லை. எனவே நிறைவேறவில்லை. இரண்டு நிபந்தனைகளும் தனித்தனியே நிறைவேற வேண்டும் என்பதை இந்த ஒரு கணக்கு மறக்க விடாது. எண்களை மாற்றி இதற்கு ஒரு தம்பிக் கேள்வியும் எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மூன்றாம் முறை வரும்போது 268 என்ற எண்ணைக் கண்டவுடனே "இல்லை" என்று சொல்லிவிடுவீர்கள்.

அடுத்து அதே உட்பிரிவின் வரம்புரை. மாநிலச் சட்டமன்றங்களில் பாதிக்குக் குறையாதவற்றின் ஒப்புதல் தேவைப்படும் பொருள்களை அது அடுக்குகிறது. மாணவர்கள் இதை ஒரே அட்டையில் "எவை எவை?" என்று எழுதுவார்கள். பட்டியல் கேட்கும் அட்டைகள் இந்த முறைக்குப் பரம எதிரி. ஏழில் ஐந்தைச் சொன்னால் அது சரியா தவறா என்று முடிவு செய்ய முடியாது; சொல்லாமல் விட்ட இரண்டு எவை என்பதும் பதியாது. பட்டியலை உடைத்து, ஒவ்வொன்றையும் ஒரு முடிவாக ஆக்குங்கள். "ஏழாம் அட்டவணையில் ஒரு பொருளை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்ற மாநிலங்களின் ஒப்புதல் வேண்டுமா?" வேண்டும், 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் கல்வி அப்படித்தான் பொதுப் பட்டியலுக்குப் போயிற்று. "ஒரு மாநிலத்தின் பெயரை மாற்ற வேண்டுமா?" வேண்டாம், உறுப்பு 3இன் கீழ் சாதாரணச் சட்டம் போதும், உறுப்பு 4(2) அதை 368இன் பொருளில் திருத்தமாகவே கருதுவதில்லை, மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது 1968இல் நாடாளுமன்றம் இயற்றிய அத்தகைய சட்டத்தால்தான். "உறுப்பு 226ஐத் திருத்த வேண்டுமா?" வேண்டும், உயர் நீதிமன்றங்கள் பற்றிய அத்தியாயம் வரம்புரையில் இருக்கிறது. "உறுப்பு 32ஐத் திருத்த?" வேண்டாம்; அது அடிப்படை உரிமைகளைக் கொண்ட மூன்றாம் பகுதியில் இருக்கிறது, மூன்றாம் பகுதி வரம்புரையில் இல்லை.

கடைசி இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டுமே நீதிப்பேராணை பற்றியவை. ஒன்றுக்கு மாநிலங்கள் வேண்டும், மற்றதற்கு வேண்டாம். இப்படித் தோற்றத்தில் ஒத்து முடிவில் மாறும் இணைகளே ஒரு வங்கியின் நல்ல சொத்து. இதன்மேல் ஒரு வழக்கை ஏற்றலாம். 1985இல் 52ஆவது திருத்தம் கட்சித் தாவலுக்கு எதிரான பத்தாம் அட்டவணையைச் சேர்த்தது. அதன் 7ஆவது பத்தி நீதிமன்றங்கள் தலையிடுவதைத் தடுத்தது. மாநிலங்களின் ஒப்புதல் பெறப்படவில்லை. "7ஆவது பத்தி செல்லுமா?" கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம், 3க்கு 2 என்ற பெரும்பான்மையில், அந்தப் பத்தி உறுப்புகள் 136, 226, 227 ஆகியவற்றின் செயலை மாற்றுவதால் ஒப்புதல் தேவை என்றும், அது இல்லாததால் பத்தி செல்லாது என்றும், மீதி அட்டவணையைப் பிரித்து நிலைநிறுத்தலாம் என்றும் கூறியது. அந்த உறுப்புகளின் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தம் தொடவில்லை, விளைவால்தான் தொட்டது. அட்டையில் கேட்க வேண்டியது அதைத்தான்: "226இன் வாசகம் மாறாதபோது ஒப்புதல் ஏன் தேவைப்பட்டது?"

இனி வழக்குகளின் தொடர். சங்கரி பிரசாத் (1951), சஜ்ஜன் சிங் (1965), கோலக்நாத் (1967), கேசவானந்த பாரதி (1973), மினர்வா மில்ஸ் (1980), வாமன் ராவ் (1981), கோயல்ஹோ (2007). வகுப்பில் இதைத் தொடராகத்தான் சொல்லிக்கொடுக்கிறோம், மாணவர்களும் தொடராகவே ஒப்பிப்பார்கள். நடுவிலிருந்து ஒன்றை உருவிக் கேட்டால் தடுமாறுவார்கள். ஆகவே ஒவ்வொரு வழக்குக்கும் "தீர்ப்பு என்ன?" என்ற ஒரே அட்டையை எழுதாமல், ஒரு வழக்கு அடுத்ததை எந்தப் புள்ளியில் சந்திக்கிறதோ அங்கே கேள்வியை வையுங்கள். சங்கரி பிரசாத்துக்கும் கோலக்நாத்துக்கும் இடையே மாறிய ஒரே விடை எது? உறுப்பு 13(2) சொல்லும் "சட்டம்" என்பதில் அரசமைப்புத் திருத்தம் அடங்குமா என்பதே. முதலாவது அடங்காது என்றது. இரண்டாவது, 6க்கு 5 என்ற பெரும்பான்மையில், அடங்கும் என்றது. அதற்கு நாடாளுமன்றம் அளித்த மறுமொழி என்ன? 1971இன் 24ஆவது திருத்தம். 13(4), 368(3) ஆகியவற்றைச் சேர்த்து அந்த வாசலை அடைத்தது. கேசவானந்த பாரதி அந்தத் திருத்தத்தை என்ன செய்தது?

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் விடைத்தாள்களில் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். "அடிப்படைக் கட்டமைப்பு வழக்கு" என்று மனத்தில் பதிந்துவிட்டதால், 24ஆவது திருத்தத்தை நீதிமன்றம் ரத்து செய்தது என்று எழுதிவிடுவார்கள். இல்லை, நிலைநிறுத்தியது, கோலக்நாத்தையும் தவறென்று நீக்கியது. 25ஆவது திருத்தம் புகுத்திய 31சி உறுப்பில், நீதிமன்ற ஆய்வைத் தடுத்த இரண்டாம் பகுதியை மட்டுமே செல்லாது என்றது. எனவே கேசவானந்த பாரதிக்கு நான் தனித்தனி அட்டைகளாக வைக்கச் சொல்வது இவை: கோலக்நாத்தை என்ன செய்தது, 24ஆவது திருத்தத்தை என்ன செய்தது, 31சியில் எதை விட்டது, எதை வெட்டியது, எத்தனைக்கு எத்தனை என்ற பெரும்பான்மை (13 பேர் அமர்வில் 7க்கு 6), அன்றைய தேதியான 24 ஏப்ரல் 1973 பின்னாளில் ஏன் தேவைப்படுகிறது. அந்தத் தேதி அட்டைக்கு ஆண்டு மட்டும் போதாது, நாளும் வேண்டும். ஏனென்று பின்னால் வரும் கூடலூர் கேள்வியில் தெரியும். "அடிப்படைக் கட்டமைப்பின் கூறுகளைப் பட்டியலிடுக" என்ற அட்டையை எழுதவே வேண்டாம். நீதிபதிகள் ஆளுக்கொரு விதமாகக் கூறினார்கள், பிந்தைய வழக்குகள் சேர்த்துக்கொண்டே போகின்றன. முடிந்த பட்டியல் ஒன்று இல்லாதபோது அட்டை இருப்பதாகக் காட்டிவிடும்.

ஒவ்வொரு வழக்கு அட்டையின் பின்புறத்திலும் ஓரமாக அதன் இன்றைய நிலையை எழுதுங்கள்: நிற்கிறது, நீக்கப்பட்டது, பகுதியாக நிற்கிறது. அதன் பக்கத்தில் அதைச் சரிபார்த்த நாளையும் குறியுங்கள். 31சி இதற்கு நல்ல உதாரணம். 42ஆவது திருத்தம் அதன் பாதுகாப்பை எல்லா வழிகாட்டு நெறிகளுக்கும் விரித்தது. மினர்வா மில்ஸ் அந்த விரிவை வெட்டியது. அப்படியானால் விரிவுக்கு முந்தைய பழைய 31சி உயிர்பெறுகிறதா, அல்லது மொத்தமாகப் போய்விட்டதா? பல ஆண்டுகள் இது விடை தெளிவில்லாத கேள்வியாக இருந்தது. 2024 நவம்பரில் சொத்து உரிமையாளர்கள் சங்க வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கேசவானந்த பாரதியில் நிலைநிறுத்தப்பட்ட அளவில் 31சி தொடர்கிறது என்று முடிவு செய்தது. சீனியர்கள் கொடுத்துவிட்டுப் போன குறிப்புகளில் இது இருக்காது. வாங்கிவந்த அட்டைக் கட்டை அப்படியே பயன்படுத்துவதில் உள்ள ஆபத்து இதுதான்: இடைவெளி விட்டுப் பயிலும் முறை சரியான விடையை எவ்வளவு ஆழமாகப் பதிக்குமோ, தவறான விடையையும் அதே ஆழத்தில் பதிக்கும்.

இப்போது நிகழ்வுக் கேள்விகள். இவற்றை எழுதத்தான் அதிக நேரம் பிடிக்கும். ஓர் அலகுக்கு நான்கு அல்லது ஐந்து இருந்தாலே போதும். கற்பனையாக எழுதத் தெரியாவிட்டால் உண்மை வழக்கின் நிகழ்வைச் சுருக்கி, பெயரை எடுத்துவிட்டு, முடிவை மட்டும் கேளுங்கள். கோயல்ஹோ வழக்கின் நிகழ்வு நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் தொடங்குகிறது. அங்கிருந்த ஜென்ம நிலங்களை அரசுடைமையாக்கிய 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில், காடுகளை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதி வேளாண் சீர்திருத்தம் ஆகாது என்பதால் 31ஏவின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்று பால்மாடீஸ் தோட்ட வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 1974இல் 34ஆவது திருத்தம் அந்தச் சட்டத்தை முழுவதுமாக ஒன்பதாம் அட்டவணையில் வைத்தது. கேள்வியை இப்படி எழுதலாம்: "மாநிலச் சட்டம் ஒன்றின் ஒரு பகுதியை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1974இல் அரசமைப்புத் திருத்தத்தின் மூலம் அச்சட்டம் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. உறுப்பு 31பி இருப்பதால் இனி அதை எதிர்க்க முடியாது என்கிறது அரசு. சரியா?"

விடை எழுதும் மாணவர் நான்கு படிகளைத் தாண்ட வேண்டும். 31பி என்ன பாதுகாப்பு தருகிறது: அட்டவணையில் உள்ள சட்டம் மூன்றாம் பகுதிக்கு முரண் என்பதால் செல்லாததாகிவிடாது, முன்பு நீதிமன்றம் செல்லாது என்றிருந்தாலும்கூட. அந்தப் பாதுகாப்பு எந்த நாளுக்குப் பிறகு முழுமையானதல்ல: 24 ஏப்ரல் 1973, வாமன் ராவ் போட்ட கோடு, கோயல்ஹோவில் ஒன்பது நீதிபதிகள் உறுதி செய்தது. நம் நிகழ்வு கோட்டின் எந்தப் பக்கம்: 1974, எனவே பின்பக்கம். எந்த அளவுகோலால் சோதிக்க வேண்டும்: உரிமைகளின் மீது சட்டம் ஏற்படுத்தும் விளைவைப் பார்த்து, உறுப்புகள் 14, 19, 21 ஆகியவற்றில் வெளிப்படும் அடிப்படைக் கட்டமைப்பைச் சட்டம் சிதைக்கிறதா என்று. முடிவு, அரசின் வாதம் சரியல்ல. சட்டம் செல்லாது என்பதும் அதனாலேயே உறுதியாகிவிடவில்லை, சோதனைக்கு உள்ளாகும் என்பதே உறுதி. இந்தக் கடைசி வேறுபாட்டை எழுதுபவருக்கும் எழுதாதவருக்கும் இடையே மதிப்பெண்ணில் நல்ல இடைவெளி விழும்.

பிறகு ஒரே ஓர் உண்மையை மாற்றி உடன்பிறப்புகளை உருவாக்குங்கள். 1974க்குப் பதில் 1964 என்று வைத்தால்? கோட்டுக்கு முன்பக்கம், பாதுகாப்பு நிற்கும். 1974தான், ஆனால் சேர்க்கப்பட்ட பிறகு அச்சட்டத்தின் செல்லுந்தன்மையை உச்ச நீதிமன்றமே ஒருமுறை நிலைநிறுத்திவிட்டது என்றால்? கோயல்ஹோவின்படி, அதே சட்டத்தை இந்தத் தீர்ப்பின் கோட்பாடுகளைக் காட்டி மறுபடி எதிர்க்க முடியாது. கல்வியிலும் பணியிலும் 69 விழுக்காடு இடஒதுக்கீடு தரும் தமிழ்நாட்டுச் சட்டம் 1994இல் 76ஆவது திருத்தத்தால் அட்டவணைக்குப் போனது. அட்டவணையில் இருப்பதே அதற்கு முழுக் கவசமா? ஆண்டைப் பார்த்தவுடனே "இல்லை, சோதனைக்கு உட்படக்கூடியதே" என்று சொல்ல முடிந்தால் கோடு மனத்தில் விழுந்துவிட்டது என்று பொருள். இந்த உடன்பிறப்புகளை ஒரே நாளில் கேட்காதீர்கள். வெவ்வேறு நாள்களில் வரும்படி பிரித்துவிடுங்கள்.

எண்ணிக்கையும் நாள்கணக்கும். திருத்தும் அதிகாரத்துக்கு இப்படி எழுதினால் முப்பது, நாற்பது அட்டைகள் வரும். தாள் முழுவதற்கும் 300ஐத் தாண்ட விடாதீர்கள். ஏழு வாரம் என்பது 49 நாள். முதல் 30 நாளுக்கு நாளொன்றுக்கு 10 புதிய அட்டைகள். அதன்பின் புதியது எதையும் சேர்க்க வேண்டாம். ஓர் அட்டையை முதலில் பார்த்த நாளிலிருந்து 1, 3, 7, 14 நாள் இடைவெளிகளில் திரும்பக் கேளுங்கள். அதாவது முதல் பார்வைக்குப் பின் 1ஆம், 4ஆம், 11ஆம், 25ஆம் நாள்களில். அப்படியானால் சுமை உச்சத்துக்குப் போவது 26ஆம் நாளிலிருந்து 30ஆம் நாள் வரை: புதியது 10, பழையது 40. சாதாரண அட்டைக்கு அரை நிமிடம், நிகழ்வு அட்டைக்கு மூன்று நான்கு நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். கடைசி வாரத்தில் கட்டு முழுவதையும் ஒரு சுற்று, நாளொன்றுக்கு 43 வீதம், கலைத்துப் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் முதல் நாள் எழுதிய அட்டையைக் கடைசியாகப் பார்த்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். இந்த 1, 3, 7, 14 என்பது ஆய்வு கொடுத்த மந்திர எண் அல்ல. 49 நாளுக்குள் பெரும்பாலும் அடங்கும்படி நான் வகுத்தது; 25ஆம் நாளிலிருந்து சேரும் அட்டைகளுக்குக் கடைசி வாரச் சுற்றே நான்காம் பார்வை. ஒரு நாள் முன்பின் ஆனால் குடி முழுகாது. தவறிய அட்டை மட்டும் மறுநாளே வர வேண்டும், பிறகு 3 நாள் இடைவெளியிலிருந்து தொடரலாம்.

ஆன்கி போன்ற செயலியில் செய்தால், அமைப்பில் `Maximum interval` என்ற இடத்தில் 14 என்று இட்டுவிடுங்கள். செயலிகள் ஆண்டுக்கணக்கில் நினைவில் வைப்பதற்காக வகுக்கப்பட்டவை. விட்டுவிட்டால் எளிதான அட்டையைத் தேர்வுக்கு அப்பாலுள்ள ஒரு தேதிக்குத் தள்ளிவிடும். தாள் அட்டையும் ஐந்து பெட்டிகளும் இருந்தால் இதே வேலையைச் செய்யும். நான்கு பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்காருவதற்கு அதுவே வசதி என்பது என் எண்ணம்.

விடையைத் தலைக்குள் சொல்லிவிட்டு அட்டையைத் திருப்புவது எல்லோரும் செய்யும் ஏமாற்று. "இதைத்தான் நினைத்தேன்" என்று தோன்றிவிடும். ஒரு வரியாவது எழுதிவிட்டு, அல்லது எதிரே இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் திருப்புங்கள். முடிவு சரி, காரணம் தவறு என்றால் அது தவறு என்றே கணக்கில் வையுங்கள். சட்டத் தேர்வில் "செல்லாது" என்ற ஒற்றைச் சொல்லுக்கு மதிப்பெண் இல்லை. விடைகள் நீங்கள் தேர்வு எழுதும் மொழியிலேயே இருக்கட்டும். தமிழில் எழுதுபவர் ஆங்கில விடையை மனப்பாடம் செய்தால் தேர்வறையில் மொழிபெயர்ப்பு என்ற இரண்டாம் வேலை சேர்ந்துகொள்ளும்.

கோளாறு எங்கே என்று அறிய ஒரு வழி உண்டு. ஓர் அட்டையை நான்கு முறை தொடர்ந்து தவறவிடுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் குறை உங்களிடம் இல்லை, அட்டையில் இருக்கிறது: இரண்டு கேள்வியை ஒன்றாக்கியிருப்பீர்கள், அல்லது அதன் அடியில் இருக்க வேண்டிய விதியை எழுதாமல் விட்டிருப்பீர்கள். அதைக் கிழித்து இரண்டாக எழுதுங்கள். மறுபுறம், ஓர் அட்டைக்குக் கேள்வியைப் பாதி படிக்கும்போதே விடை வருகிறதென்றால், நீங்கள் நினைவில் வைத்திருப்பது கேள்வியின் வாசகத்தை. வாசகத்தை மாற்றி, ஓர் உண்மையையும் மாற்றி எழுதிப் பாருங்கள். தடுமாறினால் ஐயம் உறுதி.

நான்கு பேர் என்பதால் அலகுகளைப் பிரித்து எழுதத் தோன்றும். எழுதுவதே பாதிப் படிப்பு; மற்ற மூன்று அலகுகளில் அந்தப் பாதியை நீங்கள் இழப்பீர்கள். விதி அட்டைகளையும் வழக்கு அட்டைகளையும் பிரித்துக்கொள்ளுங்கள், நிகழ்வுக் கேள்விகளை மட்டும் ஒவ்வொருவரும் எல்லா அலகுக்கும் ஒன்றாவது எழுதுங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பேர் ஆக்டையும் தீர்ப்பின் வாசகத்தையும் வைத்துச் சரிபார்த்த பிறகே கட்டில் சேருங்கள். முழு நீளக் கட்டுரை விடையை எழுதும் பயிற்சிக்கு இந்த வங்கியில் இடமில்லை. அதற்கு வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, பழைய வினாத்தாளில் ஒரு பெரிய கேள்வியைத் தேர்வுக்குரிய நேரத்தில் எழுதி, அதில் எந்த இடத்தில் பேனா நின்றதோ அந்த இடத்தையே மறுநாள் புதிய அட்டையாக்குங்கள். 30ஆம் நாளுக்குப் பிறகு புதிய அட்டை வேண்டாம் என்ற விதிக்கு நான் அனுமதிக்கும் விலக்கு இது ஒன்றுதான்.